இரவுச் செய்தியில் எதை எழுதுவது?

வணக்கம். நான் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன்; மூன்றாம் அத்தியாயத்திலேயே நிற்கிறேன். என் தோழி வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். இரண்டு மாதமாக நாங்கள் ஒருவருக்கொருவர் அக்கவுண்டபிலிட்டி பார்ட்னர். அன்றன்று செய்ததை இரவில் வாட்ஸப்பில் சொல்ல வேண்டும் என்று பேசிக்கொண்டோம். முதல் மூன்று வாரம் நன்றாகப் போனது. இப்போது அவள் "இன்னிக்கு ஓகே" என்கிறாள், நான் "கொஞ்சம் எழுதினேன்" என்கிறேன். எதுவும் செய்யாத நாளில் அனுப்பவே கூச்சமாக இருக்கிறது, அவளும் கேட்பதில்லை. சில நாள் ஏன் எழுதவில்லை என்று பத்து வரி கொட்டுவேன், அவள் ஆறுதல் சொல்வாள், அதோடு முடிந்துவிடும். விட்டுவிடலாமா, வேறு மாதிரி செய்ய வேண்டுமா? எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று எப்படி முடிவு செய்வது?

— ஒரு வாசகி

விட வேண்டாம். இரண்டு மாதம் கழித்தும் ஏதோ ஒன்றை அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் அடிப்படை இன்னும் இருக்கிறது. தினமும் சொல்வது என்று ஒப்புக்கொண்டீர்கள், எதைச் சொல்வது என்று ஒப்புக்கொள்ளவில்லை. அந்த இடத்தைத்தான் இப்போது சரிசெய்ய வேண்டும்.

எதைச் சொல்வது என்று வரையறுக்காமல் விட்டால், தினசரிச் செய்தி நாள் எப்படி இருந்தது என்பதைச் சொல்லும் செய்தியாக மாறிவிடும். அதில் யாருடைய தவறும் இல்லை. களைத்துப்போன இரவில் "என்ன செய்தாய்" என்ற கேள்விக்குப் பதில் தேடுவதைவிட "எப்படி இருந்தது" என்பதற்குப் பதில் சொல்வது எளிது. ஆனால் "ஓகே" என்ற சொல்லை வைத்துக்கொண்டு மறுபக்கம் இருப்பவரால் எதுவும் செய்ய முடியாது. அவர் கேள்வி கேட்டால் சந்தேகப்படுவதுபோல் இருக்கும், கேட்காவிட்டால் அந்தச் செய்தி வந்ததற்கும் வராததற்கும் வித்தியாசம் இல்லை. உங்கள் தோழி கேட்காமல் இருப்பது அக்கறை இல்லாததால் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்பதற்கு அவருக்கு ஒரு பிடி வேண்டும், அந்தப் பிடி உங்கள் செய்தியில் இல்லை.

ஒரு செய்தி உருப்படியானதா என்று பார்க்க நான் வைக்கும் சோதனை இதுதான்: உங்கள் இருவரையும் அறியாத மூன்றாம் ஆள் அதைப் படித்தால், நேற்றுச் சொன்னது இன்று நடந்ததா இல்லையா என்று அவரால் சொல்ல முடிய வேண்டும். "கொஞ்சம் எழுதினேன்" இந்தச் சோதனையில் தோற்கும். "50 நிமிடம் என்று சொன்னேன், 20 நிமிடம் உட்கார்ந்தேன்" வென்றுவிடும். இரண்டாவது செய்தி தோல்வியைச் சொல்கிறது, ஆனாலும் அதுதான் நல்ல செய்தி.

முன்னேற்றத்தைக் கண்காணிப்பது இலக்கை அடைய உதவுகிறதா என்பது பற்றிய 138 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வு 2016-இல் வெளியானது. கண்காணிப்பு உதவுகிறது என்பதோடு, அதை இன்னொருவருக்குத் தெரிவிக்கும்போதும் எழுத்தில் பதிக்கும்போதும் பலன் கூடுகிறது என்று அதில் தெரியவந்தது. தினசரிச் செய்தி இந்த இரண்டையும் ஒரே செயலில் முடிக்கிறது. ஆனால் பதியக்கூடிய ஒன்று அதில் இருந்தால்தான் அந்தப் பலன் கிடைக்கும்.

இனி வடிவத்துக்கு வருவோம். மூன்று வரி போதும். இருவரும் ஒரே மூன்று வரியைத்தான் அனுப்ப வேண்டும், வேலை வேறாக இருந்தாலும்.

சொன்னது: காலை 9:00, நூலக மேசை, அட்டவணை 2-க்குக் கீழே விளக்கப் பத்தி, 50 நிமிடம்
செய்தது: 35. நின்ற இடம்: "இந்த வேறுபாட்டுக்கு இரண்டு காரணங்கள் கூறலாம்."
நாளை: காலை 9:00, அதே மேசை, அந்த இரண்டு காரணங்களையும் எழுதுவது, 50 நிமிடம்

முதல் வரியைப் புதிதாக எழுதக் கூடாது. நேற்றைய செய்தியை அழுத்திப் பிடித்து நகலெடுத்து, அதன் மூன்றாம் வரியை மட்டும் ஒரு சொல்கூட மாற்றாமல் ஒட்ட வேண்டும். பார்க்கச் சின்ன விதி, ஆனால் முழு ஏற்பாட்டிலும் இதற்கு இணையான விதி வேறில்லை. காலையில் ஒன்றை நினைத்து, பகலில் வேறொன்றைச் செய்து, இரவில் செய்ததையே நினைத்ததாகச் சொல்லிவிடுவது எல்லோருக்கும் நடக்கும். பொய் சொல்லும் எண்ணம் இருக்காது. நினைவு தானே அப்படி இசைந்துகொடுக்கிறது. ஆய்வேட்டுக்கு உட்கார்ந்து மேற்கோள் பட்டியலைச் சரிசெய்துவிட்டு எழுந்தால், இரவில் "ஆய்வேட்டு வேலை செய்தேன்" என்று எழுதக் கை போகும். அதற்கு மேலே "விளக்கப் பத்தி" என்று நேற்றைய வரி நின்றுகொண்டிருந்தால் அப்படி எழுத முடியாது.

இரண்டாம் வரியில் எண்ணும் சான்றும் சேர்ந்து வர வேண்டும். எண் உங்கள் கைக்குள் இருப்பதாக இருக்கட்டும். உங்களுக்குப் பக்கக் கணக்கு வேண்டாம் என்பேன். மூன்றாம் அத்தியாயத்தில் நிற்பவருக்குப் பாதி நாள் திருத்தமும் நீக்கமும்தான் வேலை. மூன்று பக்கத்தை ஒரு பக்கமாக்கிய நல்ல நாள் பக்கக் கணக்கில் மோசமான நாளாகத் தெரியும். நிமிடம் அந்த அநீதியைச் செய்யாது. ஆனால் நிமிடத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு, கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கலாம். அதனால்தான் "நின்ற இடம்" வேண்டும் என்கிறேன். அன்று கடைசியாக எழுதிய அல்லது திருத்திய வாக்கியத்தை அப்படியே ஒட்டிவிடுங்கள். தோழிக்கு அது புரிய வேண்டியதில்லை. நேற்றைய வாக்கியமே இன்றும் வந்தால் அவர் கண்ணில் படும், அது போதும். மறுநாள் எங்கே தொடங்குவது என்று நீங்கள் தேட வேண்டியதும் இல்லை. ஸ்கிரீன்ஷாட், டைமர் படம், இடத்தைப் பகிர்வது எல்லாம் வேண்டாம். அவை நம்பிக்கையைக் குறைக்கும், வேலையைக் கூட்டாது.

மூன்றாம் வரியில் எப்போது, எங்கே, எந்தத் துண்டு, எவ்வளவு என்ற நான்கும் இருக்க வேண்டும். "இந்த நேரத்தில், இந்த இடத்தில் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே குறித்துவைப்பவர்கள், வெறும் எண்ணத்தோடு நிற்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பது உளவியலில் நன்கு சோதிக்கப்பட்ட விஷயம். பீட்டர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இது உறுதியானது. அதே கோல்விட்சரும் அவருடைய குழுவினரும் 2009-இல் இதற்கு எதிர்முகமான ஒன்றையும் காட்டினார்கள். "நான் இப்படிப்பட்டவராக ஆகப்போகிறேன்" என்ற வகை எண்ணத்தை மற்றவர் அறிந்து அங்கீகரித்துவிட்டால், அதற்கான உழைப்பு குறையக்கூடும். அறிவித்ததிலேயே பாதி அடைந்த நிறைவு வந்துவிடுகிறது. எனவே "இந்த மாதத்துக்குள் அத்தியாயத்தை முடித்துவிடுவேன்" போன்ற வரி அந்த இடத்துக்கு ஆகாது. நாளைக்கான ஒரு துண்டு மட்டும் போதும்.

இந்தச் செய்திகளுக்கென்று நீங்கள் இருவர் மட்டும் இருக்கும் தனிக் குழு ஒன்றைத் தொடங்கிக்கொள்ளுங்கள். அதில் இந்த மூன்று வரிகளைத் தவிர வேறு பேச்சு வேண்டாம். அரட்டை வழக்கமான இடத்தில் நடக்கட்டும். கலந்துவிட்டால், வாரக் கடைசியில் ஏழு செய்திகளைத் தேடி எடுக்கவே பொறுமை இருக்காது. நேரத்தையும் மாற்றுங்கள். இரவு 9 மணி என்பது கடைசி எல்லையாக இருக்கட்டும். செய்தியை வேலை முடிந்த கையோடு அனுப்புங்கள். காலையில் உட்கார்ந்து 10 மணிக்கு எழுந்தால் 10:01-க்கே போய்விடட்டும். படுக்கப்போகும் நேரத்துக்குத் தள்ளினால் எண் மங்கிவிடும், அந்த நேரத்தில் "கொஞ்சம்" என்ற சொல் தானாக வந்து உட்காரும்.

இப்போது நீங்கள் கூச்சப்படும் நாளுக்கு வருகிறேன். இந்த ஏற்பாடு உடைவது பெரும்பாலும் அந்த நாளில்தான். எதுவும் செய்யாத அன்று செய்தி போகாவிட்டால், குழுவில் செய்த நாட்கள் மட்டுமே பதிவாகின்றன. நாளடைவில் அது இருவரும் நன்றாகச் செய்யும் இடம் என்ற தோற்றம் உண்டாகி, அடுத்த வெறும் நாளைச் சொல்வது இன்னும் கடினமாகிறது. ஆகவே இரண்டு கணக்குகளைப் பிரித்து வையுங்கள். செய்தி அனுப்பினீர்களா என்பது ஒரு கணக்கு. வேலை நடந்ததா என்பது வேறு கணக்கு. முதல் இரண்டு வாரம் முதல் கணக்கை மட்டும் பாருங்கள். ஏழு நாளில் ஏழு செய்தி போயிருந்து அவற்றில் நான்கில் 0 இருந்தால், ஒப்பந்தம் முழுமையாக நிறைவேறியது என்று பொருள். நான்கு நாள் நன்றாக வேலை செய்து நான்கு செய்தி மட்டும் அனுப்பியிருந்தால் ஒப்பந்தம் மீறப்பட்டிருக்கிறது. இதை இருவரும் வாய்விட்டுச் சொல்லி ஒப்புக்கொள்ளுங்கள், பிறகுதான் 0 என்று எழுதக் கை கூசாது.

0 எழுதும் நாளில் காரணத்தையும் சொல்ல வேண்டும், ஆனால் பத்து வரியில் வேண்டாம். முன்பே ஒப்புக்கொண்ட நான்கு சொற்களில் ஒன்று போதும்: நேரம், உடல், தொடங்கவில்லை, தெரியவில்லை. அந்த நேரம் வேறொன்றுக்குப் போய்விட்டது என்றால் "நேரம்". காய்ச்சல், தூக்கமின்மை போன்றவை "உடல்". நேரமும் இருந்தது, உடலும் சரியாக இருந்தது, ஆனாலும் உட்காரவில்லை என்றால் "தொடங்கவில்லை". உட்கார்ந்தும் அடுத்து என்ன செய்வது என்று பிடிபடவில்லை என்றால் "தெரியவில்லை". கடைசி இரண்டையும் கவனமாகப் பிரியுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் சோம்பல்போல் இருக்கும், ஆனால் தீர்வு வேறு. தொடங்காதவருக்கு நேரத்தையோ இடத்தையோ மாற்ற வேண்டும், அல்லது முதல் அடியைச் சின்னதாக்க வேண்டும். தெரியாதவருக்கு நேரத்தை மாற்றிப் பயனில்லை. அவருடைய மூன்றாம் வரியைத் தெளிவாக்க வேண்டும், அல்லது நெறியாளரிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்ல வேண்டும்.

பத்து வரி விளக்கம் ஏன் கூடாது என்றால், அது மறுபக்கம் இருப்பவரின் வேலையை மாற்றிவிடுகிறது. விளக்கம் படித்தவர் ஆறுதல் சொல்வார், வேறென்ன செய்ய முடியும்? ஆறுதல் கிடைத்ததும் அன்றைய கணக்கு முடிந்ததாக உங்கள் மனம் எடுத்துக்கொள்கிறது. நாளை எப்போது, எங்கே என்ற கேள்வியை இருவருமே மறந்துபோகிறீர்கள். மனம் விட்டுப் பேச வேண்டிய நாள் வந்தால் தோழியாக அழைத்துப் பேசுங்கள், தாராளமாக. அந்தப் பேச்சு இந்தக் குழுவுக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் அனுப்புவதற்கும் விதி வேண்டும், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். செய்தி வந்தால் ஒரே ஒரு குறி, ஒரு டிக் போதும். முழுதும் செய்த நாளுக்கும் அதே டிக், 0 நாளுக்கும் அதே டிக். "சூப்பர்", கைதட்டல், நெருப்புப் படம் எல்லாவற்றையும் தவிர்க்கச் சொல்வேன். கடுமையாகத் தோன்றலாம். ஆனால் 50-க்குக் கைதட்டல் வரும் இடத்தில் 20-க்கு வரும் மௌனம் பேசும், 0-க்கு வரும் மௌனம் கத்தும். ஒரே குறி என்றால் எந்த எண்ணையும் எழுதலாம் என்ற நிம்மதி இருக்கும். 0 வந்து, மூன்றாம் வரியும் மொட்டையாக இருந்தால் மட்டும் ஒரு கேள்வி கேட்கலாம்: "நாளை எத்தனை மணிக்கு, எங்கே?" அதற்கு மேல் அறிவுரை வேண்டாம். அறிவுரைக்கு வாரத்தில் ஒரு நேரம் வைப்போம்.

செய்தியே வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். இரவு 9:15-க்கு மற்றவர் ஒரே ஒரு வாக்கியம் அனுப்ப வேண்டும், அதன் சொற்களும் முன்பே முடிவானதாக இருக்க வேண்டும்: "மூன்று வரி வரவில்லை." கேள்விக்குறியோ கோபமோ வேண்டாம். ஒப்புக்கொண்ட சொற்கள் என்பதால் கேட்பவருக்குச் சங்கடம் இல்லை, பெறுபவருக்குக் குத்தலாகவும் தெரியாது. தொடர்ந்து இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் அழைக்க வேண்டும். விடுபட்ட நாட்களுக்குப் பின்னோக்கி எழுத வேண்டாம். அவற்றை வெற்றாக விட்டுவிட்டு அன்றிலிருந்து தொடருங்கள். விடுப்பு நாளை முந்தின இரவே மூன்றாம் வரியில் "நாளை: விடுப்பு" என்று எழுதிவிடலாம். அன்றே அறிவித்தால் அது விடுப்பு ஆகாது, 0 தான்.

ஒரு வாரம் எப்படி ஓடும் என்று காட்டுகிறேன். உங்களைப் போல ஆய்வேடு எழுதும் ஒருவரின் கற்பனை வாரம் இது. நாளுக்கு 50 நிமிடம், திங்கள் முதல் சனி வரை, ஞாயிறு விடுப்பு. திங்கள் 50. செவ்வாய் 20. புதன் 0, தெரியவில்லை. வியாழன் 0, தெரியவில்லை. வெள்ளி 40. சனி 50. மொத்தம் 300-இல் 160.

இந்த எண்களை மட்டும் பார்த்தால் "வார நடுவில் சோர்ந்துவிடுகிறேன்" என்று தோன்றும். மூன்றாம் வரிகளைச் சேர்த்துப் படித்தால் வேறு கதை. ஞாயிறு இரவு எழுதியது "அட்டவணை 2-க்குக் கீழே விளக்கப் பத்தி". திங்கள் 50 வந்தது. திங்கள் இரவு எழுதியது "விளக்கத்தைத் தொடர்வது". செவ்வாய் 20-இல் நின்றது. செவ்வாய் இரவும் புதன் இரவும் எழுதியது வெறும் "அத்தியாயம் 3". புதனும் வியாழனும் 0. வியாழன் இரவு தோழி "நாளை எத்தனை மணிக்கு, எங்கே?" என்று கேட்டதால் யோசித்து "காலை 9:00, நூலக மேசை, நேர்காணல் 4-இலிருந்து மூன்று மேற்கோளைத் தேர்ந்தெடுத்து அட்டவணைக்குக் கீழே சேர்ப்பது" என்று எழுதினார், வெள்ளி 40. வெள்ளி இரவும் அதுபோலவே ஒரு குறிப்பான துண்டு, சனி 50. வரி மங்கியபோது வேலை நின்றிருக்கிறது, தெளிவானபோது ஓடியிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கத்தான் காரணச் சொல்லும் மூன்றாம் வரியும் பதிவில் இருக்க வேண்டும். "கொஞ்சம் எழுதினேன்" என்று ஆறு இரவும் எழுதியிருந்தால் இது கடைசி வரை தெரியவே வந்திருக்காது.

அடுத்த வாரத்துக்கு இரண்டு மாற்றம் போதும். மூன்றாம் வரியில் துண்டின் பெயர் இல்லாமல் அனுப்பக் கூடாது என்பது ஒன்று. நாள் அளவை 50-லிருந்து 30-க்குக் குறைப்பது இன்னொன்று. 160-ஐ ஆறு நாளுக்கு வகுத்தால் சராசரி 27 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 30 என்பது உண்மையில் அவர் செய்துகொண்டிருப்பதைவிடக் கொஞ்சம் மேலே. சொன்னதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே ஒரு வாரம் இறங்கினால் அளவைக் குறையுங்கள், இரண்டு வாரம் தொடர்ந்து முழுதும் செய்தால் கொஞ்சம் கூட்டுங்கள். 30 முடிந்தபின் மனம் ஓடினால் தொடர்ந்து எழுதலாம், ஆனால் செய்தியில் 30 என்றே போட்டால் போதும். "85!" என்று பதியத் தொடங்கினால் மறுநாளைய 30 தோல்விபோல் தெரியும்.

உங்கள் தோழியின் விஷயம் சற்றுச் சிக்கலானது, அதையும் சொல்லிவிடுகிறேன். வேலை தேடுபவரின் கைக்குள் இல்லாதது நேர்காணல் அழைப்பு. அதைத் தினசரி எண்ணாக வைத்தால் வாரக்கணக்கில் 0 வரும், அவர் விட்டுவிடுவார். சரி, விண்ணப்ப எண்ணிக்கையை வைக்கலாம் என்றால் வேறொரு பிழை நுழையும். நாளுக்கு ஐந்து என்று வைத்தால், ஒரே பயோடேட்டாவை ஐந்து இடத்துக்கு அனுப்பி இருபது நிமிடத்தில் முடித்துவிடலாம். எண் நிறையும், வேலை நடக்காது. எதை எண்ணுகிறோமோ அதை மலிவாகச் செய்யும் வழியை மனம் தேடிவிடும். அதனால் அவருடைய அலகையே கொஞ்சம் பருமனாக்குங்கள்: ஒரு வேலை விளம்பரத்தைப் படித்து, அதற்கேற்பப் பயோடேட்டாவில் இரண்டு வரியாவது மாற்றி, அனுப்புவது. இது 1. நாளுக்கு ஒன்றே போதும். அவருடைய இரண்டாம் வரி இப்படி வரும்:

செய்தது: 1. மாற்றிய வரி: "மூன்று பேர் குழுவின் கணக்குகளை மாத இறுதியில் சரிபார்த்தேன்."

மாற்றிய வரி உங்களுடைய நின்ற இடத்துக்கு ஈடு. மூன்று நாள் ஒரே வரி வந்தால் அவர் அனுப்பிக்கொண்டிருக்கிறார், மாற்றிக்கொண்டிருக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும். அதை அன்றே சொல்ல வேண்டாம். வாரப் பேச்சுக்குக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரப் பேச்சு 15 நிமிடம், ஞாயிறு மாலை, குரல் அழைப்பில். இருவரும் அவரவர் ஏழு செய்திகளைத் திறந்து வைத்துக்கொண்டு பேச வேண்டும், நினைவிலிருந்து பேசக் கூடாது. ஆளுக்கு ஏழு நிமிடம். எத்தனை செய்தி போனது, எண்ணின் மொத்தம் எவ்வளவு, எந்தக் காரணச் சொல் அதிகம் வந்தது, அடுத்த வாரம் எதை மாற்றுவது. ஆளுக்கு அதிகபட்சம் இரண்டு மாற்றம். அளவு, நேரம், அலகு, காரணச் சொற்கள் எதுவானாலும் இந்த 15 நிமிடத்தில் மட்டும்தான் மாறலாம், வார நடுவில் மாறக் கூடாது. புதன்கிழமை இரவு களைப்பில் "இனி 20 போதும்" என்று முடிவெடுப்பவரும் ஞாயிறு மாலை ஏழு செய்தியைப் பார்த்துவிட்டு அதே முடிவுக்கு வருபவரும் ஒருவரல்ல.

எதைச் சொல்லாமல் விடுவது என்று கேட்டிருந்தீர்கள். மனநிலை, உடல் எடை, தூங்கிய நேரம், வீட்டு விவகாரம், நெறியாளரோடு நடந்த சண்டை எதுவும் இந்த மூன்று வரிக்குள் வர வேண்டாம். "உடல்" என்று எழுதினால் என்ன நோய் என்று கேட்கும் உரிமை மற்றவருக்கு இல்லை என்று இப்போதே பேசிவிடுங்கள். குழுவில் வருவதைப் படம் பிடித்து வேறு யாருக்கும் அனுப்பக் கூடாது. அனுப்பிய செய்தியை அழிக்கவும் கூடாது. இருவரின் எண்ணையும் ஒப்பிட்டுப் பேசுவதும் வேண்டாம். உங்கள் 30 நிமிடமும் அவருடைய 1 விண்ணப்பமும் ஒரே தராசில் வைக்கத்தக்கவை அல்ல.

இந்த முறைக்கு எல்லை உண்டு. "தெரியவில்லை" என்ற சொல் இரண்டு வாரம் தொடர்ந்து வந்தால் உங்களுக்குத் தேவை நெறியாளரோடு ஒரு சந்திப்பு. தோழி எவ்வளவு ஒழுங்காக டிக் போட்டாலும் அத்தியாயத்தின் வாதம் தானாகத் தெளியாது. "நேரம்" என்பதே தொடர்ந்து வந்தால், நீங்கள் குறிக்கும் நேரம் உங்களுடையதல்ல. வேறு யாரோ அதை எடுத்துக்கொள்கிறார்கள், அவரோடு பேச வேண்டும். தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரம் போனால் எண்களை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அந்த நிலையில் தினமும் 0 எழுதுவது காயத்தைக் கூட்டும்.

கால எல்லையும் வையுங்கள். முடிவு தேதி இல்லாத ஒப்பந்தத்திலிருந்து விலக விரும்புபவர் சொல்லிக்கொண்டு விலக மாட்டார், மெல்ல மங்கிப்போவார். நீங்கள் இருவரும் இப்போது இருப்பது கிட்டத்தட்ட அந்த நிலைதான். நான்கு வாரம் என்று வைத்து, நான்காம் ஞாயிறு "தொடரலாமா" என்று கேட்டு, வேண்டாம் என்றால் மனக்கசப்பின்றி நிறுத்தும் உரிமை இருவருக்கும் இருக்கட்டும்.

தோழியிடம் எப்படித் தொடங்குவது என்று தயங்கினால், இதைப் போல ஒன்றை அனுப்பலாம். பழைய இரண்டு மாதத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை, வேண்டுமென்றேதான்.

"வர்ற திங்கள்லேர்ந்து நாலு வாரத்துக்கு நம்ம செக்-இன்னை மாத்திப் பார்க்கலாமா? தினமும் மூணே வரி: சொன்னது, செய்தது, நாளை. ஒண்ணும் செய்யலைன்னா 0-ன்னு போட்டு ஒரே சொல்லுல காரணம். பதிலுக்கு ஒரு டிக் மட்டும், பாராட்டும் வேண்டாம், ஆறுதலும் வேண்டாம். ராத்திரி 9-க்குள்ள வரலைன்னா 'மூன்று வரி வரவில்லை'ன்னு மத்தவங்க கேக்கலாம். ஞாயிறு சாயங்காலம் 15 நிமிஷம் பேசுவோம். உனக்கு எதை எண்ணணும்னு நீயே யோசிச்சு வை, எனக்கு 30 நிமிஷம். சரின்னா தனியா ஒரு குரூப் போடறேன்."

அவர் சரி என்றால் ஞாயிறு மாலை முதல் 15 நிமிடத்தை அலகையும் அளவையும் முடிவு செய்யப் பயன்படுத்துங்கள். அன்று இரவு இருவரும் "நாளை" என்ற ஒரு வரியை மட்டும் அனுப்பினால் போதும். திங்கள் முதல் வரியில் ஒட்டுவதற்கு அது வேண்டும்.